கம்பி ஒன்று, வீடு இரண்டு

பாடிக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் அருகில் இருக்கும் மண்ணூர்பேட்டையில் கீழே வீட்டுக்காரர், மாடியில் குடித்தனம் என்ற ஏற்பாடு புதிதல்ல. கரண்டுக்கு சப்மீட்டர் வைத்துக் கணக்குத் தீர்த்துப் பழகியவர்கள், இணையத்தையும் அப்படியே பகிர்ந்துகொண்டால் என்ன என்று யோசிப்பது இயல்பு. பேச்சு பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: "நூறு எம்பிபிஎஸ் லைன் போடுவோம். ஆளுக்குப் பாதி வேகம், ஆளுக்குப் பாதி பில்."

இதில் பில்லைப் பற்றிய பாதி நடக்கும். வேகத்தைப் பற்றிய பாதி தானாக நடக்காது. ஏனென்றால், மோடத்துக்குள் வந்து சேரும் அந்தக் கண்ணாடி இழைக்கு வீடு என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிந்தவை தரவுப் பொட்டலங்களும் அவற்றை அனுப்பும் தொடர்புகளும்தான். இணைப்புத் தரும் கம்பெனிக்குத் தெரிந்தது ஒரு வாடிக்கையாளர், ஒரு மீட்டர், ஒரு பில். 'இங்கே இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன' என்பதை ரூட்டருக்கும் காகிதத்துக்கும் நாம்தான் சொல்லித்தர வேண்டும். இரண்டு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் சின்னக் குறிப்பின் வேலை அதுதான்.

வேகம் எப்படிப் பிரிகிறது?

இதற்கு 1986-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜ தூரத்தில், இணையம் நெரிசலில் சுருண்டது. நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த பாதையில் 40 பிட்தான் போனது. பொட்டலம் போய்ச் சேரவில்லை என்று நினைத்த ஒவ்வொரு கணினியும் அதையே திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலை மேலும் பெருக்கியதுதான் காரணம். இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் ஒரு தீர்வை வெளியிட்டார். ஒவ்வொரு தொடர்பும் வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டிப் பார்க்கும். பொட்டலம் தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று புரிந்துகொண்டு சட்டென்று குறைத்துக்கொள்ளும். இன்று நம் கைப்பேசிகளில் ஓடுவதும் இந்த யோசனையின் வாரிசுகள்தான்.

இந்த ஏற்பாட்டில், ஒரே கம்பியில் போட்டியிடும் தொடர்புகள் கிட்டத்தட்டச் சமமான வேகத்தில் வந்து நிற்கும். சமம் என்பது தொடர்புகளுக்குள்தான், வீடுகளுக்குள் அல்ல. கீழ்வீட்டில் ஒரு மடிக்கணினி ஒரே தொடர்பில் ஒரு பெரிய கோப்பை இறக்குகிறது என்று வையுங்கள். அதே நேரம் மாடியில் ஒரு பையன் விளையாட்டு ஒன்றை இறக்குகிறான். அந்தச் செயலி சீக்கிரம் முடிக்க ஒன்பது தொடர்புகளை ஒரேயடியாகத் திறக்கிறது. மொத்தம் பத்துத் தொடர்புகள், ஒவ்வொன்றுக்கும் பத்து எம்பிபிஎஸ். மாடிக்கு 90, கீழ்வீட்டுக்கு 10. யாரும் எதையும் பிடுங்கவில்லை. கடவுச்சொல்லை யாரும் திருடவில்லை. கம்பி தன் கணக்கில் நேர்மையாகத்தான் பிரித்திருக்கிறது. ஆனால் கீழ்வீட்டார் கண்ணுக்கு மாடிவீட்டார் லைனை உறிஞ்சுவதாகத் தெரியும்.

வேகம் போதும், பேச்சு மட்டும் திக்குகிறது

இரண்டாவது தகராறு இன்னும் வேடிக்கையானது. வேகத்தை அளந்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் வீடியோ கூட்டத்தில் குரல் விட்டு விட்டுக் கேட்கும். இதற்குக் காரணம் வேகம் அல்ல, வரிசை.

மோடமும் ரூட்டரும் உடனே அனுப்ப முடியாத பொட்டலங்களைத் தம் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கின்றன. நினைவகம் மலிவாகிவிட்டதால் அந்த வரிசைகள் மிக நீளமாகிவிட்டன. ஒரு லைனின் பதிவேற்ற வேகம் 20 எம்பிபிஎஸ், வரிசையில் ஒரு மெகாபைட் தேங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெகாபைட் என்பது எட்டு மெகாபிட். அது முழுவதும் கடக்க 0.4 நொடி ஆகும். மாடியில் யாரோ கல்யாண வீடியோவை மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தால், கீழ்வீட்டாரின் குரலைச் சுமந்த சின்னப் பொட்டலம் அந்த வரிசையின் வாலில் நின்று 400 மில்லி நொடி கழித்துத்தான் கிளம்பும். இயல்பான உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. குரலுக்குத் தேவையான வேகம் சொற்பம். அது சிக்கிக்கொண்ட இடம்தான் தப்பு.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு மடிக்கணினியைக் கேபிள் வழியாக ரூட்டரில் இணைத்து, கட்டளைச் சாளரத்தில் இதை ஓட விடுங்கள்:

```
ping 8.8.8.8
```

லைன் சும்மா இருக்கும்போது வரும் மில்லி நொடி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இன்னொரு கருவியில் பெரிய கோப்பு ஒன்றைப் பதிவேற்றியபடி மறுபடி பாருங்கள். பத்து, இருபதில் இருந்த எண் சில நூறுகளுக்குத் தாவினால் வரிசை வீங்கியிருக்கிறது. இந்த நோய்க்கு அதிக வேகத் திட்டம் முழு மருந்தல்ல. நீண்ட பதிவேற்றம் அந்தப் பெரிய குழாயையும் நிரப்பும், வரிசை மறுபடியும் உருவாகும்.

ரூட்டருக்கு வீட்டைக் காட்டுவது

இரண்டு தகராறுக்கும் பொதுவான தீர்வு ஒன்று உண்டு. ஒரே நீண்ட வரிசைக்குப் பதிலாக ஆளுக்கொரு வரிசை வைத்து, சுற்றுமுறையில் ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அனுப்புவது. ஜான் நேகிள் 1985-இல் இதைச் சொன்னார். ஆலன் டெமர்ஸ், எஸ். கேசவ், ஸ்காட் ஷெங்கர் மூவரும் 1989-இல் இதைக் கணித ஒழுங்கோடு வகுத்தார்கள். ஒருவருக்கு அன்று 20 எம்பிபிஎஸ்தான் தேவை என்றால் மீதியை மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். இருவருக்கும் நிறையத் தேவைப்படும்போது மட்டும் சரிபாதி. 'ஆளுக்கு 50-க்கு மேல் போகாது' என்று பூட்டுப் போடுவதைவிட இது நல்லது. பூட்டுப் போட்டால், ஒரு வீட்டார் அனைவரும் வேலைக்குப் போன பகலில்கூட மற்ற வீட்டுக்கு 50-தான். பாதி லைன் சும்மா கிடக்கும்.

இந்த முறையை இன்றைய ரூட்டர்களில் செய்யும் நிரல்களில் ஒன்று `cake`. 2018 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஏற்கும் ரூட்டர்களில் ஓடும். இது கருவி முகவரி வாரியாகவும் பங்கு பிரிக்கும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மாடியில் எட்டுக் கருவிகள், கீழே மூன்று என்றால், கருவிக்கணக்கில் மாடிக்கே பெரும்பங்கு போய்விடும். இதற்கு வழி, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி ரூட்டர் வைத்து, இரண்டையும் மோடத்தை ஒட்டிய மூன்றாவது தலைமை ரூட்டரில் சொருகுவது. ஒரு வீட்டு ரூட்டர் தனக்குப் பின்னால் உள்ள எல்லாக் கருவிகளையும் ஒரே முகவரிக்குள் மறைத்துவிடும். தலைமை ரூட்டரின் கண்ணுக்கு உலகத்தில் இரண்டே கருவிகள்: கீழ்வீடு, மாடிவீடு. நாம் விரும்பிய பாதிக்குப் பாதி அப்போதுதான் உண்மையாகிறது.

தலைமை ரூட்டரில் வேண்டிய கட்டளைகள் இரண்டே. பதிவேற்றமும் பதிவிறக்கமும் 100 எம்பிபிஎஸ் உள்ள லைனுக்கு, வெளிப்பக்க முனை `eth0`, உள்பக்க முனை `br-lan` என்றால்:

```
tc qdisc replace dev eth0 root cake bandwidth 95mbit dual-srchost nat
tc qdisc replace dev br-lan root cake bandwidth 95mbit dual-dsthost
```

100-க்குப் பதில் 95 என்று போடுவதில் காரணம் இருக்கிறது. லைனைவிடச் சற்றுக் குறைவாக நாமே கட்டுப்படுத்தினால்தான் வரிசை நம் ரூட்டரில் உருவாகும். இல்லாவிட்டால் அது கம்பெனியின் கருவிகளில் உருவாகும். அங்கே நம் விதி செல்லாது. ஐந்து எம்பிபிஎஸ்ஸைக் கொடுத்து வரிசையின் சாவியை வாங்குகிறோம்.

எல்லையும் உண்டு. வீட்டு ரூட்டர்கள் ஐபிவி6 முகவரியைத் தம் கருவிகளுக்கு நேரடியாக வழங்கினால் கருவிகள் மறுபடி தனித்தனியாகத் தெரியத் தொடங்கும், கணக்குக் குலையும். உள்வீட்டு ரூட்டர்களில் அதை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். மாடிக்கு வைஃபை வழியாக இணைப்புக் கொடுப்பதும் கூடாது. கான்கிரீட் தளத்தைத் தாண்டும் பலவீனமான அலை மெதுவான வேகத்தில் பேசும். மெதுவாகப் பேசுபவர் காற்றலையை நீண்ட நேரம் பிடித்துக்கொள்வதால் அருகில் இருப்பவர் வேகமும் சரியும். மாடிப்படி ஓரமாக ஒரு லான் கேபிள் இழுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. நூறு மீட்டர் வரை அது தாராளமாக வேலை செய்யும்.

செய்தது பலித்ததா என்று பார்க்கும் சோதனையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இரு வீட்டிலும் ஒவ்வொரு கைப்பேசியில் வேகச் சோதனையை ஒரே நேரத்தில் ஓட்டினால், ரூட்டரில் எதுவுமே செய்யாவிட்டாலும் ஏறக்குறையச் சமமாகத்தான் வரும். இருபக்கமும் ஒரே மாதிரித் தொடர்புகள் திறப்பதே காரணம். மாடியில் மூன்று கருவிகளிலும் கீழே ஒன்றிலும் ஒன்றாக ஓட்டுங்கள். கீழே 45 அளவில் வந்தால் பங்கீடு வேலை செய்கிறது. 25-க்குப் பக்கத்தில் நின்றால் இல்லை.

பயன்பாடு: எதை எண்ணுவது?

'அளவில்லா' என்று விற்கப்படும் திட்டங்களில் பலவற்றுக்கும் ஒரு மாத வரம்பு இருக்கும். 3,300 ஜிபி என்பது நம் ஊரில் பரவலாகக் காணும் எண். அதைத் தாண்டினால் வேகம் சில எம்பிபிஎஸ்ஸுக்குச் சரியும், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து. இந்த மீட்டரும் ஒன்றுதான். யார் நிரப்பினார்கள் என்று அது சொல்லாது.

100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட், மணிக்கு 45 ஜிபி. முழுவேகத்தில் இடைவிடாமல் ஓடினால் 3,300 ஜிபி மூன்று நாளில் தீர்ந்துவிடும். ஆனால் வீடுகள் அப்படி ஓடுவதில்லை. எச்டி தரப் படம் மணிக்கு ஏறக்குறைய 3 ஜிபி. ஒரு வீட்டு டிவி தினமும் நான்கு மணி நேரம் ஓடினால் மாதம் 360 ஜிபி. இரண்டு வீட்டு டிவிக்கும் சேர்த்து 720. கைப்பேசிகளையும் கூட்டங்களையும் சேர்த்தாலும் வரம்பு தொலைவில்தான் இருக்கிறது.

வரம்பைத் தொட வைப்பது பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து பார்க்காத கருவி. வாசலில் மாட்டிய கண்காணிப்புக் கேமரா, 2 எம்பிபிஎஸ்ஸில் இரவு பகலாகப் படத்தை மேகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, மாதத்துக்கு 648 ஜிபி. இரண்டு வீட்டு டிவிகளும் சேர்ந்து செலவழிப்பதில் பத்தில் ஒன்பது பங்கை ஒரு கேமரா தனியாகச் செலவழிக்கிறது. நான்கு கேமரா மாட்டினால் 2,592. உங்கள் திட்டத்தில் பதிவேற்றமும் வரம்பில் சேருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; சேர்ந்தால் குறிப்பில் எழுத வேண்டியது 'டிவி பார்க்கும் நேரம்' அல்ல, 'இடைவிடாமல் ஓடும் கருவி'.

செலவு: சப்மீட்டர் வழி இங்கே செல்லாது

கரண்டில் ஒரு யூனிட் கூடுதலாகச் செலவழித்தால் பில்லும் கூடும்; அதனால் சப்மீட்டர் நியாயம். இணையத்தில் வரம்புக்குள் 300 ஜிபி செலவழித்தாலும் 900 செலவழித்தாலும் பில் அதேதான். மாடிவீட்டார் கூடுதலாகப் பார்த்த சினிமாவுக்காகக் கீழ்வீட்டார் ஒரு பைசாவும் இழக்கவில்லை. ஆகவே ஜிபி கணக்கில் பில்லைப் பிரிப்பது நடக்காத நஷ்டத்துக்கு ஈடு கேட்பதாகும். செலவைத் தீர்மானிப்பது எவ்வளவு வேகத் திட்டம் எடுக்கிறோம் என்பது. அதைக் கேட்டவர் யார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு, 40 எம்பிபிஎஸ் திட்டம் 399 ரூபாய், 100 எம்பிபிஎஸ் திட்டம் 699 ரூபாய் என்று வைப்போம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் முறையே 471, 825. கீழ்வீட்டுக்கு 40 போதும். மாடியில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இருப்பதால் 100 வேண்டும். சேர்ந்து 100 எடுக்கிறார்கள். சரிபாதி என்றால் ஆளுக்கு 412.50. அப்படிப் பார்த்தால் கீழ்வீட்டாருக்கு மிச்சம் வெறும் 58 ரூபாய், மாடிவீட்டாருக்கு மிச்சம் 412. கீழ்வீட்டார் முகம் சுளித்தால் தப்பில்லை.

கூட்டுச் செலவைப் பங்கிட லாயிட் ஷேப்லி 1953-இல் கொடுத்த முறை இங்கே கச்சிதமாகப் பொருந்தும். விமான ஓடுதளத்தின் செலவைச் சிறிய, பெரிய விமானங்களுக்கிடையே பிரிப்பதற்கும் பின்னர் இதையே எடுத்துக்காட்டினார்கள். சிறிய விமானத்துக்குத் தேவையான நீளம் வரை எல்லாரும் சமமாகக் கொடுக்க வேண்டும். அதற்கு மேலான நீளத்துக்கு அதைக் கேட்கும் பெரிய விமானம் மட்டும். நம் கணக்கில் முதல் 40 எம்பிபிஎஸ்ஸின் 471 ரூபாயை இருவரும் பாதியாகப் போடுகிறார்கள். மீதி 354 மாடிவீட்டாருடையது. கீழ்வீட்டார் 235.50, மாடிவீட்டார் 589.50. தனித்தனி லைன் போட்டிருந்தால் ஆன செலவோடு ஒப்பிட்டால் இருவருக்கும் மிச்சம் சமம்: ஆளுக்கு 235 ரூபாய் 50 காசு.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்லும். இரு வீட்டுக்கும் 40 போதும் என்றால், இரண்டு தனி லைனுக்கு 942. பகிர்ந்த 100 எம்பிபிஎஸ் லைனுக்கு 825. ஆளுக்கு 58 ரூபாய் மிச்சத்துக்காக இத்தனை ரூட்டரும் குறிப்பும் தேவையா என்று யோசிக்கலாம். தனித்தனியாக வேறு வேறு கம்பெனி லைன் இருந்தால், ஒன்று அறுந்த நாளில் மற்றதை இரவல் வாங்கிக்கொள்ளவாவது முடியும்.

ஒரே பெயர்

இன்னொரு விஷயத்தையும் கம்பி பிரித்துப் பார்க்காது. வெளியுலகத்துக்கு இரண்டு வீடும் ஒரே ஐபி முகவரி. அது பில் யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. 2008 ஜூலையில் ஆமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் அனுப்பப்பட்ட மின்னஞ்சலைத் தேடிய காவல்துறை, நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்த வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். லைனின் சொந்தக்காரர்தான் முதலில் பதில் சொல்ல நேர்ந்தது. இரண்டு வீட்டுக்கும் தனித்தனி ரூட்டர், தனித்தனிக் கடவுச்சொல் என்ற ஏற்பாடு இதற்கும் உதவும்.

கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தையும் படித்தாக வேண்டும். இணைப்பைப் பிறருக்கு விற்கக் கூடாது என்பது பரவலான நிபந்தனை; பதிவான முகவரிக்கு வெளியே கொண்டுபோகவும் சிலர் தடை போடுகிறார்கள். 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டப்படி, தொலைத்தொடர்புச் சேவை வழங்க அரசின் அனுமதி வேண்டும். ஆகவே பில்லுக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்குவது வம்பு. ஒரே கட்டடம்தான் என்றாலும், பகிரலாமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

குறிப்பு

மேலே சொன்ன எல்லாம் ஒரு தாளில் அடங்கிவிடும்:

*இணைய இணைப்புப் பகிர்வு: கீழ்வீட்டாரும் மாடிவீட்டாரும், மண்ணூர்பேட்டை*

*1. இணைப்பு கீழ்வீட்டார் பெயரில், 100 எம்பிபிஎஸ், மாத வரம்பு 3,300 ஜிபி. பகிர்வதற்குக் கம்பெனியின் சம்மதம் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறோம்.*

*2. வேகம்: நெரிசல் நேரத்தில் ஆளுக்குப் பாதி. ஒருவர் பயன்படுத்தாத பங்கு மற்றவருக்கு. மூன்றுக்கு ஒன்று சோதனையில், கேபிளில் அளந்தால் எந்த வீட்டுக்கும் 40-க்குக் குறையக் கூடாது. மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்து பார்ப்பது.*

*3. பதிவேற்றம் ஓடும்போது தாமதம் 100 மில்லி நொடியைத் தாண்டினால் தலைமை ரூட்டரின் அமைப்பைச் சரிபார்ப்பது.*

*4. பயன்பாடு: ஆளுக்கு 1,500 ஜிபி, 300 பொதுவில். அளவு அந்தந்த வீட்டு ரூட்டரில் காட்டுவது. இடைவிடாமல் ஓடும் கேமரா மாட்டுமுன் மற்றவரிடம் சொல்வது.*

*5. செலவு: கீழ்வீட்டார் 235.50, மாடிவீட்டார் 589.50, மாதம் 5-ஆம் தேதிக்குள். கட்டணம் மாறினால் முதல் 40 எம்பிபிஎஸ் பொது, மீதி மாடிவீட்டாருடையது என்ற விதிப்படி மறுகணக்கு. தலைமை ரூட்டரும் கேபிளும் பாதிப்பாதி. வீட்டு ரூட்டர் அவரவருடையது.*

*6. கடவுச்சொல் வீட்டாரைத் தாண்டிப் போகாது. புகார் வந்தால் எந்த வீட்டு ரூட்டரிலிருந்து போனதோ அந்த வீட்டார் பொறுப்பேற்று, பெயருக்குரியவருடன் நிற்பது.*

*7. விலக நினைப்பவர் ஒரு மாதம் முன்னால் சொல்வது. தலைமை ரூட்டர் தங்குபவருக்கு. விலகுபவரின் பாதி விலையை, ஓடிய ஆண்டுக்கு நான்கில் ஒரு பங்கு கழித்துத் திருப்பித் தருவது.*

இதில் 'நியாயமாகப் பயன்படுத்த வேண்டும்' என்ற வரி வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. அந்த வரி இரண்டு வீட்டிலும் இரண்டு பொருள் தரும். 40, 100, 1,500 ஆகியவை இரண்டு வீட்டிலும் ஒரே பொருள் தரும். ஐயம் வந்தால் மாடிப்படியில் ஏறி இறங்கி அளந்து பார்த்துவிடலாம். ஆறாவது விதி மட்டும் அளக்க முடியாதது. காவல்துறைக்கோ கம்பெனிக்கோ அது கட்டுப்பாடு அல்ல. அவர்கள் தேடுவது பில்லில் உள்ள பெயரைத்தான். அந்த ஒரு விதியை மற்ற வீட்டாரை நம்பி எழுத மனம் வராவிட்டால், மற்ற ஆறும் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் தனி லைன் போடுவதே மேல்.